மூடி திறந்த நாளைக் குறித்து வையுங்கள்: வெயில் ஊரில் முகப்பூச்சுகளைக் கெடாமல் வைப்பது எப்படி

2025 மே மாதம் அம்பத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீடு, ஏசி கிடையாது. சமையலறையும் கூடமும் சேரும் இடத்தில் கை கழுவும் பேசின், அதன் மேல் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பலகை. முகத்துக்குப் பூசும் சாமான் எல்லாம் அந்தப் பலகையில்தான் இருந்தது. அங்கிருந்து நாலடி தள்ளி அடுப்பு.

அவள் ஒரு சீரம் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "அக்கா, இதுல 2026 நவம்பர் வரைக்கும்னு போட்டிருக்கு. அதுக்குள்ள ஏன் இப்படிக் கலர் மாறிப்போச்சு?"

வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்த வைட்டமின் சி சீரம் வடித்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. போலிப் பொருளை வாங்கிவிட்டோமோ என்று அவள் பயந்துபோயிருந்தாள். பொருள் நல்ல பொருள்தான். அட்டையில் உள்ள இரண்டு கணக்குகளில் ஒன்றை மட்டும் அவள் பார்த்திருந்தாள், வைத்த இடமும் தப்பு. அன்று மதியம் அவள் பலகையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து நாங்கள் பார்த்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்கள் சாமான்களையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் வேலை சுலபம்.

முதல் வேலை: இரண்டு கணக்கையும் கண்டுபிடியுங்கள்

இந்தியாவில் விற்கும் அழகுப் பொருள்களில் தயாரித்த மாதம், பேட்ச் நம்பர், 'யூஸ் பிஃபோர்' என்ற கடைசி மாதம் ஆகியவை இருக்கும். சிலவற்றில் கடைசி மாதத்துக்குப் பதிலாக 'தயாரித்ததிலிருந்து 24 மாதம்' என்று போட்டிருப்பார்கள், அதை நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். ட்யூபாக இருந்தால் அடிப்பக்கம் மடித்து ஒட்டிய ஓரத்தில் எழுத்தை அழுத்தியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வெளி அட்டையில் மட்டும் தேதி போடுகிறவர்களும் உண்டு. அதனால் அட்டையை வந்த அன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இந்தத் தேதி, சீல் உடைக்காத பொருளுக்கான கணக்கு. காற்றும் விரலும் படாமல், ஓரளவு குளுமையான இடத்தில் இருந்தால் அந்த மாதம் வரை தாங்கும் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது கணக்கு, மூடி திறந்த டப்பா படம். சின்னதாக ஒரு டப்பா, மூடி மேலே தூக்கிய மாதிரி. அதற்குள்ளோ பக்கத்திலோ ஒரு எண்ணும், ஆங்கில எழுத்து 'எம்'மும் இருக்கும். 12 எம் என்றால் திறந்த நாளிலிருந்து 12 மாதம், 6 எம் என்றால் 6 மாதம். இது ஐரோப்பாவில் 2005 மார்ச்சில் கட்டாயமான குறி. மூடியபடி 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு அங்கே கடைசித் தேதி போட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத் திறந்த பிறகு எத்தனை மாதம் என்று காட்ட வேண்டும். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கிரீமில் தேதியே காணவில்லையே என்று சில சமயம் தேடித் தவிக்கிறோம். நம் ஊர்த் தயாரிப்புகளிலும் இப்போது பலவற்றில் இந்தப் படம் வருகிறது.

தேதி எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பொருளில் மாதம் முதலில் வரும், கொரியப் பொருளில் வருடம் முதலில் வரும். அதோடு கொரியப் பொருளில் இருப்பது தயாரித்த தேதியா, முடியும் தேதியா என்பதையும் பார்க்க வேண்டும். தயாரித்த தேதியைப் பார்த்து 'ஐயோ, தேதி தாண்டிவிட்டதே' என்று புது டப்பாவைத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை: எது முன்னால் வருகிறதோ, அதுதான் கடைசி நாள்

கணக்கு இவ்வளவுதான். திறந்த தேதியோடு படத்தில் உள்ள மாதங்களைக் கூட்டுங்கள். வருகிற தேதியையும் அட்டையில் உள்ள கடைசி மாதத்தையும் ஒப்பிடுங்கள். எது முன்னால் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் சீரத்தைப் பார்ப்போம். அட்டையில் 2026 நவம்பர், படத்தில் 3 எம். பொங்கல் தள்ளுபடியில் வாங்கி, ஜனவரி நடுவில் திறந்திருக்கிறாள். அப்படியானால் ஏப்ரல் நடுவிலேயே அதன் காலம் முடிந்துவிட்டது. அவள் மே மாதத்திலும் பூசிக்கொண்டிருந்தாள்.

மாய்ஸ்சரைசரில் கணக்கு தலைகீழ். படத்தில் 12 எம். பிப்ரவரியில் திறந்ததால் அடுத்த பிப்ரவரி வரை இருக்கிறது என்று நினைத்திருந்தாள். ஆனால் அட்டையில் 2025 ஆகஸ்ட் என்று போட்டிருந்தது. ஆகஸ்டோடு சரி. தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்ததற்குக் காரணமும் அதுதான். தள்ளுபடி விற்பனையில் வாங்கினால் பார்சல் வந்ததும் முதலில் இந்த மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத்துக்குள் தீராத பெரிய டப்பாவாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்தக் கணக்குக்கு ஒன்றே ஒன்றுதான் தேவை: திறந்த தேதி. அதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. சமையலறையில் மசாலா டப்பாவுக்கு ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கரில் தேதியை எழுதி டப்பாவின் அடியில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் மூடி மாறிவிடும். மேலே செல்லோடேப் ஒட்டினால் ஈரம் பட்டு எழுத்து கலையாது. திறந்த தேதியோடு முடியும் தேதியையும் சேர்த்து எழுதிவிட்டால் மறுபடி கணக்குப் போட வேண்டாம்.

அடுப்படிச் சூடு என்ன செய்யும்

கையில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டுபோயிருந்தேன், ஈரப்பதமும் காட்டும் வகை. மதியச் சமையல் நேரத்தில் அந்தப் பலகையில் 40 டிகிரி காட்டியது. படுக்கையறை மர அலமாரியின் கீழ்த் தட்டில் 33. ஒரே வீட்டுக்குள் 7 டிகிரி வித்தியாசம். வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பொருளுக்குப் பொருள் இது மாறும். ஆனால் எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகமில்லை.

'25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று அட்டையில் இருந்தால் அதற்கு நம் வீட்டிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரியில் உருகும். மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்திருந்தால்தான் நம் அறை அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. சென்னையில் வருடத்தில் எத்தனை நாள் அப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூட்டில் முதலில் அடிபடுவது வைட்டமின் சி, அதிலும் அஸ்கார்பிக் அமிலமாகவே இருக்கும் சீரம். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. நிறமில்லாமல் இருந்தது வெளிர் மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு. லேசான மஞ்சளில் இன்னும் கொஞ்சம் பலன் இருக்கும். ஆரஞ்சு தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள், சருமத்தில் கறை மாதிரி நிறம் ஏறும், சிலருக்கு எரியும். பாட்டிலே பழுப்பு நிறமாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. அதற்கு, திறந்த அன்றே வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டு போனில் படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு சந்தேகம் வரும்போது இன்னொரு சொட்டு விட்டு ஒப்பிட்டால் போதும். சில சீரங்கள் முதலிலிருந்தே மஞ்சளாக இருக்கும் என்பதால் முதல் நாள் படம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பருவுக்கு மருந்துக் கடையில் வாங்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை அடுப்படிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சூட்டில் அது உடைந்து பென்சீன் உண்டாகலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பயந்து நிறுத்திவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 95 பொருள்களைச் சோதித்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில், 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் ட்யூபில் எழுதிய வெப்ப அளவை மதித்து, சிறிய ட்யூபாக வாங்கி, தேதிக்குள் தீர்ப்பது அவசியம்.

சன்ஸ்கிரீன் கதை வேறு. தங்கையின் ட்யூப் பலகையில் இல்லை, ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. மேலே வெயில், கீழே இன்ஜின். பிதுக்கியதும் முதலில் தண்ணீர் மாதிரி எண்ணெய் வழிந்தது, பின்னால் திப்பிதிப்பியாகக் கிரீம் வந்தது. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிட்ட அடையாளம் அது. குலுக்கிச் சேர்த்துப் பூசினால் முகத்தில் ஓரிடத்தில் மருந்து இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. இதில் மோசம் என்னவென்றால், பாதுகாப்பு குறைந்ததை கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சருமம் கறுத்த பிறகுதான் தெரியும். வெளியே எடுத்துப் போவதென்றால் தோள் பையில் போடுங்கள், வண்டியில் விடாதீர்கள்.

அந்த 50 கிராம் ட்யூபைத் திறந்து ஒன்பது மாதமாகியும் பாதி மிச்சம் இருந்தது என்பது என்னை இன்னும் கவலைப்பட வைத்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கிராமாவது வேண்டும். தினம் ஒரு முறை பூசினாலே 50 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். சன்ஸ்கிரீன் ட்யூபில் தேதியைப் பார்க்க வேண்டிய நிலை வந்தாலே, போதுமான அளவு பூசவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்ணெய் சார்ந்த பொருள்களுக்கு மூக்குதான் பரிசோதனை. பழைய கடலை எண்ணெயில் வருமே, அந்தச் சிக்கு வாடை, அது வந்தால் முக எண்ணெயும் லிப் பாமும் முடிந்தது.

பாத்ரூம் ஈரம் என்ன செய்யும்

அடுப்படி வேண்டாம் என்றதும் தங்கை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள். அதையும் தடுத்தேன். வெந்நீரில் குளித்த பிறகு அங்கே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, ஜன்னல் சின்னது. அங்கே ஆபத்து சூட்டைவிடக் கிருமியால்தான்.

இதை விளக்க நம் வீட்டில் ஊறுகாய் ஜாடி போதும். ஈரக் கரண்டி விட்டால் பூசணம் பூத்துவிடும் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். கிரீமுக்கும் அதேதான். தண்ணீர் கலந்த கிரீமில் கிருமி வளராமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பொருள் சேர்ப்பார்கள். அடிக்கடி அட்டையில் பார்க்கும் பீனாக்ஸிஎத்தனால் அதில் ஒன்று. ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சிறிய அளவு, ஒவ்வொரு தடவையும் விரலோடு உள்ளே போகும் கிருமியைச் சமாளிக்கிறது. ஈரக் கையோடு தொட்டால் கிருமியும் போகிறது, தண்ணீர் சேர்ந்து பாதுகாப்பும் நீர்த்துப் போகிறது.

கிருமி புகுந்தது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், புளித்த வாடை வந்தால், மூடியின் உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், தூக்கிப்போடுங்கள். ஆனால் இவை எதுவும் இல்லாமலும் உள்ளே வளர்ந்திருக்கலாம். அந்தத் திறந்த டப்பா படத்தை மதிக்க வேண்டிய காரணம் இதுதான். புள்ளி படிந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பூசுவது கூடவே கூடாது.

வாய் அகலமான டப்பா என்றால் விரல் விடாமல் சின்ன ஸ்பூனால் எடுங்கள். ஸ்பூனைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகே மறுபடி உள்ளே விட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது அதே கிரீம் பம்ப்பிலோ ட்யூபிலோ கிடைத்தால் அதையே எடுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம்தான் ஈர ஊரில் அதிகப் பலன் தருகிறது. தீரப்போகும் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஷாம்பூவோ ஃபேஸ்வாஷோ என்றால் அன்றே தீர்த்துவிடுங்கள். முகத்தில் தங்கும் கிரீமுக்கு அப்படிச் செய்யவே வேண்டாம். மிச்சக் கிரீமைப் புது டப்பாவில் கொட்டிச் சேர்ப்பதும் வேண்டாம், பழையதில் இருப்பதெல்லாம் புதியதுக்கும் வந்துவிடும்.

பாத்ரூமில் வைக்கக் கூடியவை உண்டு. ஃபேஸ்வாஷ், சோப்பு, ஷாம்பூ போன்ற பூசிக் கழுவிவிடும் சாமான்கள் அங்கேயே இருக்கட்டும், மூடியை மட்டும் சரியாக மூடுங்கள்.

நான் அன்று அதிகம் கவலைப்பட்டது நலங்கு மாவைப் பற்றி. அம்மா அரைத்து அனுப்பியது, ஒரு கிலோ. மூடி தளர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஷவருக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் எந்தப் பாதுகாப்புப் பொருளும் கிடையாது. காய்ந்திருப்பது ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. பயத்தம் பருப்பும் பூலாங்கிழங்கும் கலந்த மாவு ஈரம் குடித்தால், கிருமிக்கு அது சாப்பாடு. கையை விட்டுப் பார்த்தபோது அடியில் கட்டியாகியிருந்தது, மக்கிய வாடையும் வந்தது. அதை உதறிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று தங்கை கெஞ்சினாள். வெயிலில் காயவைத்தால் ஈரம்தான் போகும், வளர்ந்த பூசணம் உண்டாக்கியது போகாது. மனசு கஷ்டப்பட்டே கொட்டினோம். இப்போது அம்மா அனுப்பும் மாவு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அலமாரியில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக் குளிக்கப் போகும்போது கொண்டுபோகிறாள். முல்தானி மட்டியோ நலங்கு மாவோ, பன்னீரிலோ தயிரிலோ குழைத்துவிட்டால் அன்றோடு சரி, மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

அப்படியானால் எங்கே வைப்பது?

படுக்கையறையில் மர அலமாரியின் கீழ்த் தட்டு. மேல் தட்டும் பரணும் வேண்டாம், சூடு மேலேதான் தங்கும். மாலை வெயில் படும் மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும், அதிலும் இரும்பு பீரோவும் வேண்டாம். ஃப்ரிட்ஜின் தலையில் வைக்கிறவர்கள் நிறையப் பேர். ஃப்ரிட்ஜ் உள்ளே குளிர, அந்தச் சூடு வெளியேதான் வந்தாக வேண்டும். அதனால் அதுவும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜுக்கு உள்ளே எல்லாவற்றையும் அடுக்கத் தேவையில்லை. வைட்டமின் சி சீரத்துக்கு அது நல்ல இடம். நடுத் தட்டில், இறுக மூடிய ஒரு டப்பாவுக்குள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். கதவுத் தட்டு அடிக்கடி திறப்பதால் சூடும் குளிரும் மாறி மாறிப் படும். வெளியே எடுத்ததும் பாட்டில் வியர்க்கும். துடைத்துவிட்டுத் திறங்கள், உடனே மூடி உள்ளே வைத்துவிடுங்கள். ஃப்ரீசர் எதற்கும் ஆகாது. கிரீம் உறைந்து உருகினால் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பை அட்டையில் சொல்லாமல் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மருந்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

ஏசி இல்லாத வீட்டில் கோடைக்காலத்தில் 25 டிகிரிக்கு வழியில்லை என்றால், நான் செய்வது இரண்டு. சிறிய அளவாக வாங்குகிறேன். படத்தில் 12 எம் இருந்தாலும் எட்டு, ஒன்பது மாதத்தில் தீர்த்துவிடப் பார்க்கிறேன். இது என் கணிப்புதான், எந்த விதியிலும் இல்லை.

கண்ணுக்குப் போடுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மஸ்காராவுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம்தான். காய்ந்துவிட்டது என்று அதில் தண்ணீரோ எச்சிலோ விடக் கூடாது. வீட்டில் மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தால், வந்தவர் பயன்படுத்திய கண்மை, ஐலைனர், மஸ்காரா எல்லாவற்றையும் தேதி பார்க்காமல் போட்டுவிடுங்கள். மற்றவர்கள் கையில் போக விடாதீர்கள்.

தங்கை அன்று சீரத்தையும் சன்ஸ்கிரீனையும் இனிப் பூசுவதில்லை என்று ஒதுக்கி வைத்தாள், மாய்ஸ்சரைசரில் '2025 ஆகஸ்ட்' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். ஒரு வாரமாக அவள் கன்னத்தில் சின்னச் சின்னச் சிவந்த கட்டிகள் இருந்தன. அதற்குக் காரணம் எது என்று நான் ஊகிக்கவில்லை. எல்லாப் பூச்சையும் நிறுத்தச் சொல்லி, தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாக்களை அப்படியே ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகச் சொன்னேன். அட்டையில் இருக்கும் பேட்ச் நம்பரும், அடியில் ஒட்டிய திறந்த தேதியும் அங்கே உதவும்.